பழைய போனைக் கைமாற்றும் முன்: முதலில் கணக்கு, பிறகு ரீசெட்

மாங்குளத்தில் சித்தப்பாவுக்கு ஒரு சின்ன போன் கடை. ரீலோட், கவர், சார்ஜர், உடைந்த கண்ணாடி மாற்றுதல், இவ்வளவுதான் வியாபாரம். பின்னேரங்களில் நானும் போய் நிற்பேன். ஒருநாள் ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு அக்கா பஸ்ஸில் வந்திறங்கி, துவாயில் சுற்றிக் கொண்டுவந்த சாம்சுங் போன் ஒன்றை மேசையில் வைத்தார்.

"தம்பி, இது என்ர போன்தான். நாலு வருசமா நான் பாவிச்சது. இப்ப என்னையே ஆரெண்டு கேக்குது."

"எந்த ஜிமெயில் போட்டிருந்தனீங்கள் அக்கா?"

"எனக்கென்னப்பா தெரியும்? வாங்கின கடையில ஒரு பொடியன் ஏதோ அடிச்சுத் தந்தவன்."

நடந்தது இதுதான். அக்கா புதுப்போன் வாங்கிவிட்டார். பழையதை உயர்தரம் படிக்கும் தம்பியின் மகளுக்குக் கொடுக்க நினைத்தார். இடையில் சின்ன மகன் பூட்டைத் திறக்க விரலால் கீறும் கோட்டுருவை மாற்றிவிட்டு மறந்துவிட்டான். யாரோ ஒரு வீடியோவைப் பார்த்து, பக்கத்துப் பொத்தான்களை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்திருக்கிறார்கள். எல்லாம் அழிந்துவிட்டது. ஆனால் வைஃபை போட்டதும், முன்பு இருந்த கோட்டுருவைப் போடு, இல்லாவிட்டால் முன்பிருந்த கூகுள் கணக்கால் உள்ளே வா என்று போன் நின்றுவிட்டது. இரண்டும் அக்காவிடம் இல்லை.

வன்னியில் எங்கள் கடைக்கு வரும் பூட்டுப்பட்ட போன்களில் நான் பார்த்தவரை மிகுதியானவை இந்த வகைதான். களவெடுத்த போன் அல்ல, சொந்தக்காரரே வெளியில் நிற்கும் போன். அதனால் போனை அழிப்பதைப் பற்றிச் சொல்வதற்கு முன், அழித்த பின்னும் அழியாமல் இருக்கும் அந்தப் பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ரீசெட் பூட்டைத் தொடாது

ஆண்ட்ராய்டு 5.1 வந்த 2015 முதல், கூகுள் கணக்கு ஒன்றும் திரைப்பூட்டு ஒன்றும் போட்ட போனில் இந்தப் பாதுகாப்பு தானாகவே வேலை செய்யத் தொடங்கிவிடும். நீங்கள் எதையும் இயக்கத் தேவையில்லை. போனின் சேமிப்பில் ஒரு சின்ன ஓரம், ரீசெட் தொடாத இடம், இந்தப் போன் எந்தக் கணக்குக்குரியது என்ற குறிப்பை வைத்திருக்கும். படம், செய்தி, செயலி எல்லாம் போனாலும் அந்தக் குறிப்பு போகாது.

இங்கே போனின் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். செட்டிங்ஸுக்குள் போய் ரீசெட் செய்தால், அது உங்கள் பின் எண்ணையோ கோட்டுருவையோ கேட்கும். சரியாகப் போட்டால் சொந்தக்காரர்தான் செய்கிறார் என்று நம்பும். பொத்தான்களை அழுத்தி ரீசெட் செய்ய எந்த எண்ணும் தேவையில்லை. பரந்தன் பஸ்ஸில் பொக்கற்றிலிருந்து உருவியவனும் அதைச் செய்யலாம். ஆகவே அந்த வழியில் அழித்தால் போன் உங்களையும் சந்தேகிக்கும். பொத்தான் வழிதான் முழுச் சுத்தம் என்று சிலர் சொல்லுகிறார்கள். அழிவதில் ஒரு வித்தியாசமும் இல்லை, பூட்டு மட்டும்தான் மிஞ்சும்.

எனவே ஒழுங்கு இதுதான்: போன் இன்னும் உங்களுக்குத் திறக்கும்போதே கணக்கை எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு செட்டிங்ஸ் வழியாக அழிக்க வேண்டும். அழித்த பின் ஒருமுறை இயக்கிப் பார்க்க வேண்டும். இனி ஒவ்வொன்றாக.

புதுப்போன் ஓடத் தொடங்கும் வரை பழையதைத் தொட வேண்டாம்

பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வாங்க ஆள் வந்து நிற்கிறது, காசு கையில் இருக்கிறது, உடனே ரீசெட். பிறகு புதுப்போனில் பழைய ஜிமெயிலைப் போட்டால் கடவுச்சொல் தெரியாது. தொடர்பு எண்கள், படங்கள் எல்லாம் அந்தக் கணக்குக்குள் பூட்டிக் கிடக்கும்.

பழைய போன் திறந்தபடி பக்கத்தில் இருக்கும்போது புதியதில் அதே கணக்கால் உள்ளே போனால் பாதி வேலை எளிதாகிவிடும். கூகுள் பழைய போனுக்கு, நீங்கள்தானா என்று ஒரு கேள்வி அனுப்பும். ஆம் என்று தட்டினால் போதும். கடவுச்சொல் மறந்திருந்தாலும், `Forgot password?` என்பதைத் தட்டும்போது பல வேளைகளில் பழைய போனின் திரைப்பூட்டையே சாட்சியாக ஏற்றுக்கொள்ளும். பழைய போன்தான் உங்களிடம் உள்ள திறப்பு. அதை அழித்துவிட்டுத் திறப்பைத் தேடக் கூடாது.

உங்கள் கணக்கு எது என்றே தெரியாவிட்டால், பழைய போனில் பிளே ஸ்டோரைத் திறந்து மேலே வலப்பக்கத்தில் இருக்கும் வட்டத்தைத் தட்டுங்கள். முழு முகவரியும் தெரியும். ஒரு கொப்பியில் எழுதுங்கள். கடைப் பொடியன்கள் போட்டுத் தரும் முகவரிகள் பெயரும் எண்ணும் புள்ளியுமாக ஒரு முழ நீளம் இருக்கும், மனப்பாடம் நிற்காது. அதோடு அந்தக் கணக்கில் மீட்பதற்காகக் கொடுத்துள்ள தொலைபேசி எண் இப்போது உங்கள் கையில் உள்ள சிம்மின் எண்தானா என்றும் பாருங்கள். செட்டிங்ஸில் கூகுள் என்பதற்குள் `Manage your Google Account` என்று போனால் அங்கே இருக்கும். இதன் பெறுமதி அக்காவின் கதையின் மிச்சத்தில் தெரியும்.

வாட்ஸ்அப்புக்குத் தனி வேலை இருக்கிறது. கூகுள் கணக்கைப் போட்டதால் மட்டும் அது வந்துவிடாது. இரண்டு போனும் ஆண்ட்ராய்டு என்றால், பழையதில் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் `Chats`, அதற்குள் `Transfer chats` என்று போய், புதுப்போன் காட்டும் கட்டத்தைக் கமெராவால் பிடித்தால், செய்திகள் போனிலிருந்து போனுக்கே நேராகப் போகும். டேட்டா செலவில்லை. கூகுளில் பிரதி எடுத்து வைத்து இறக்கலாம்தான், ஆனால் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடத்துக்குள் வாட்ஸ்அப் பிரதியும் படங்களும் மின்னஞ்சலும் எல்லாம் அடங்க வேண்டும். வெளிநாட்டுச் சொந்தம் அனுப்பிய கலியாண வீடியோக்கள் நிறைந்த போனில் அந்த இடம் எப்போதோ முடிந்திருக்கும், பிரதியும் பல மாதத்துக்கு முன்பே நின்றிருக்கும். பிரதி எடுத்த கடைசித் திகதி அதே `Chats` பகுதியில் `Chat backup` என்பதற்குள் இருக்கும். பார்த்து நம்புங்கள்.

படங்களைக் கையால் அழிக்காதீர்கள்

இது நான் ஒவ்வொரு தடவையும் தலையில் கைவைக்கும் விசயம். போனைக் கொடுக்க முதல் வெட்கத்துக்கோ பயத்துக்கோ இருந்து ஒவ்வொரு படமாக அழிப்பார்கள். கணக்கு இன்னும் போனில் இருக்கும்போது கூகுள் போட்டோஸில் அழித்தால், அது அந்தப் போனில் மட்டும் அழியாது. கணக்கிலும் அழியும், கணக்கைப் போட்ட புதுப்போனிலும் அழியும். எங்கள் ஊர் மாமி ஒருவர் ஒரு பின்னேரம் முழுக்கக் கிணற்றடியில் இருந்து இப்படி அழித்து முடித்துவிட்டு, இரவு புதுப்போனைத் திறந்தால் பேரப்பிள்ளையின் சாமத்தியவீட்டுப் படம் ஒன்றும் இல்லை.

நல்லகாலம், கணக்கில் பிரதி இருந்த படங்கள் அழித்த பின் 60 நாள் வரை குப்பைக்கூடையில் இருக்கும். மாமி அடுத்த நாளே வந்ததால் மீட்டுக் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்து வந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஐபோனிலும் ஐக்ளவுட் போட்டிருந்தால் இதே கதைதான், ஆனால் அங்கே அவகாசம் 30 நாள் அளவுதான்.

கையால் எதையும் அழிக்கத் தேவையே இல்லை. ரீசெட் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுபோகும், கணக்கில் இருப்பதைத் தொடாது. பிறகு யாராவது மென்பொருள் போட்டு மீட்டெடுத்துவிடுவார்களோ என்று கேட்பவர்கள் உண்டு. இப்போதைய போன்கள் உள்ளே இருப்பதைக் குறியாக்கம் செய்தே வைத்திருக்கின்றன. ரீசெட் செய்யும்போது அந்தக் குறியைத் திறக்கும் சாவியே அழிகிறது. சாவி இல்லாமல் மிஞ்சுவது வெறும் கலங்கல். பத்து வருசத்துக்கு மேல் பழைய போன் என்றால் இந்த உறுதி கிடையாது. அப்படியான போனை விற்பதில் வரும் காசும் பெரிதில்லை.

ஆனால் மெமரி காட் வேறு. அதைக் கழற்றி எடுங்கள். சிம்மையும் எடுங்கள். ஊசியால் தட்டை வெளியே இழுத்தால் இரண்டும் அதிலேயே இருக்கும். சில போன்களில் காட் சிம்முக்குப் பின்பக்கமாக ஒட்டியிருப்பது போலத் தெரியாமல் கிடக்கும், திருப்பிப் பாருங்கள்.

கணக்கை எடுத்தல்

இனித்தான் முக்கியமான இடம். சாம்சுங் என்றால் செட்டிங்ஸில் `Accounts and backup`, அதற்குள் `Manage accounts`. வேறு போன்களில் பெரும்பாலும் `Passwords & accounts` அல்லது வெறும் `Accounts` என்று இருக்கும். அங்கே உள்ள ஒவ்வொரு கூகுள் கணக்கையும் தட்டி `Remove account` கொடுங்கள். திரைப்பூட்டைக் கேட்கும், போடுங்கள். பிள்ளையின் ஜிமெயில், பள்ளிக்கூட வகுப்புக்குப் போட்ட ஜிமெயில் என்று இரண்டு மூன்று கிடந்தால் எல்லாவற்றையும் எடுங்கள். ஒன்று மிஞ்சினாலும் அந்தப் பெயரில் பூட்டு நிற்கலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது, கூகுள் கணக்கைப் போனிலிருந்து எடுக்க ஜிமெயில் கடவுச்சொல் தேவையில்லை. திரை திறந்தால் போதும். ஒட்டுசுட்டான் அக்கா மகன் கோட்டுருவை மாற்ற முதல் இதைச் செய்திருந்தால், ஜிமெயில் முகவரியே தெரியாமலும் போனைச் சுத்தமாகக் கொடுத்திருக்கலாம்.

கூகுளோடு வேலை முடிவதில்லை. சாம்சுங்கில் சாம்சுங் கணக்கும் சியோமியில் மி கணக்கும் தனித்தனியாக இருக்கும், அவற்றுக்கும் சொந்தப் பூட்டு உண்டு. இவை கூகுளைப் போல இலேசில் விடாது. வெளியேறும்போது அந்தக் கணக்கின் கடவுச்சொல்லையே கேட்கும். மறந்திருந்தால் மீட்கும் வழி தொலைபேசி எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ வரும். அதனால்தான் சிம்மைப் புதுப்போனில் போட்டு, எஸ்எம்எஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டு இந்த இடத்துக்கு வர வேண்டும்.

கணினியில் ஜிமெயிலைத் திறந்து, உங்கள் சாதனங்கள் என்ற பட்டியலிலிருந்து பழைய போனை எடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அந்தப் போனைக் கணக்கிலிருந்து வெளியேற்றுமே ஒழிய, போனுக்குள் இருக்கும் குறிப்பை அழிக்காது. தூரத்திலிருந்து போனை அழிக்கும் வசதியும் அப்படித்தான், அழித்த பின்னும் கூகுள் பூட்டு நிற்கும். போன் கையில் இருக்க வேண்டும், திறந்திருக்க வேண்டும்.

அழித்தல், பிறகு சோதித்தல்

சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும், இல்லாவிட்டால் சார்ஜரில் போட்டபடி செய்யுங்கள். சாம்சுங்கில் செட்டிங்ஸ், `General management`, `Reset`, `Factory data reset`. சியோமியில் `About phone` என்பதற்குள் `Factory reset`. கூகுளின் சொந்தப் போன்களில் `System`, `Reset options`. அடியில் வரை உருட்டி, எந்தெந்தக் கணக்குகள் இன்னும் போனில் இருக்கின்றன என்று பட்டியல் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் முந்திய படியில் ஏதோ விட்டிருக்கிறீர்கள், திரும்பிப் போங்கள். காட்டாவிட்டால் ரீசெட்டைத் தட்டி, பின் எண்ணைப் போட்டு விடுங்கள். சில நிமிடங்களில் கம்பனிப் பெயரோடு எழும்பும். இடையில் நிறுத்த வேண்டாம்.

அதோடு போனைப் பெட்டியில் போடாமல், மொழியைத் தெரிவுசெய்து தொடங்குங்கள். வைஃபை கேட்கும் இடத்தில் `Skip` அல்லது `Set up offline` என்று ஒரு வழி தெரிய வேண்டும். அதைத் தட்டி, கூகுள் கேட்கும் இடத்தையும் கடந்து, வெறும் முகப்புத் திரைக்கு வந்துவிட்டால் பூட்டு இல்லை. பூட்டு இருந்தால் வைஃபையைத் தாண்ட விடாது, தாண்டினாலும் பூட்டுப் படத்தோடு முன்னைய பின் எண்ணைக் கேட்கும். அல்லது `This device was reset` என்று சொல்லி முன்னைய கணக்கைக் கேட்கும். இதை வாங்குபவரின் முன்னால் செய்து காட்டினால் இரண்டு பேருக்கும் நிம்மதி. நீங்கள் வாங்கும் பக்கம் நின்றால், முகப்புத் திரையைக் காணாமல் காசைக் கொடுக்காதீர்கள். `*#06#` அடித்து வரும் 15 இலக்க எண்ணையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால் பிற்காலத்தில் எந்தப் போன் என்ற கேள்வி வராது.

அக்காவின் போன் எப்படித் திறந்தது

திறந்தது, ஆனால் இரண்டு நாள் எடுத்தது. முதலில் முகவரியைக் கண்டுபிடிக்க வேண்டும். கூகுளின் உள்நுழையும் பக்கத்தில் `Forgot email?` என்று ஒன்று இருக்கிறது. அங்கே மீட்பு எண்ணையும், கணக்குத் திறந்தபோது கொடுத்த பெயரையும் போட்டால், அந்த எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்பி, பொருந்தும் முகவரிகளைக் காட்டும். எண் அக்காவின் எண்தான், சிம் இன்னும் அவரிடம் இருந்தது. பெயர்தான் தொல்லை. ஆங்கிலத்தில் அக்காவின் பெயரை இரண்டு விதமாக அடித்துப் பார்த்தோம், கணக்கு இல்லை என்றது. பிறகு அடையாள அட்டையை எடுத்து, அதில் இருந்த எழுத்துப்படியே, தகப்பன் பெயரையும் சேர்த்து அடித்தோம். குறியீடு வந்தது. வாங்கிய கடைப் பொடியன் அட்டையைப் பார்த்துத்தான் அடித்திருக்கிறான் போல, அந்த விசயத்தில் அவனுக்கு நன்றி.

முகவரி கிடைத்ததும் அதே எண்ணை வைத்துக் கடவுச்சொல்லை மாற்றினோம். அக்கா உடனே போனில் போடச் சொன்னார். வேண்டாம் என்றேன். கடவுச்சொல் மாற்றிய உடன் பூட்டுப்பட்ட போனில் போட்டால் கூகுள் சந்தேகப்படும், 24 மணித்தியாலம் பொறுக்கச் சொல்லித்தான் அதன் அறிவுரை. களவெடுத்தவன் எண்ணையும் பிடித்துவிட்டால் சொந்தக்காரருக்கு ஒரு நாள் அவகாசம் வேண்டும் என்பதுதான் அதன் நியாயம். இதே காரணத்தால், விற்கும் நாளில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு உடனே ரீசெட் செய்வதும் நல்லதில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அக்கா மறுபடி வந்தார். முகவரியும் புதுக் கடவுச்சொல்லும் போட்டோம், போன் உள்ளே விட்டது. நேரே கணக்குகள் பகுதிக்குப் போய்க் கணக்கை எடுத்தோம். செட்டிங்ஸ் வழியாக ரீசெட். எழும்பியதும் வைஃபையைத் தாண்டி முகப்புத் திரை. அந்தச் சிம் இரண்டு வருசத்துக்கு முன்னே தொலைந்து வேறு யாருக்கோ போயிருந்தால், போன் இன்றைக்கும் துவாய்க்குள்தான் இருந்திருக்கும்.

பூட்டை உடைத்துத் தருகிறோம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். சில பழைய மாதிரிகளில் முன்பு முடிந்தது. ஒவ்வொரு பாதுகாப்புப் புதுப்பிப்பும் அப்படியான ஓட்டைகளை அடைத்துக்கொண்டே வருகிறது. கடையில் நாங்கள் அதைத் தொடுவதில்லை. கொண்டுவருபவர் சொந்தக்காரர்தானா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

ஐபோன் என்றால்

ஐபோனின் பூட்டு 2013-இல் ஐஓஎஸ் 7-உடன் வந்தது. `Find My` இயங்கும் போனில் அது தானாக விழும். ஒழுங்கு அதேதான், பெயர்கள் வேறு. செட்டிங்ஸில் மேலே உங்கள் பெயரைத் தட்டி, அடியில் `Sign Out`. இங்கே ஆப்பிள் கடவுச்சொல் கட்டாயம். மறந்திருந்தால், போன் இன்னும் உங்களுக்குத் திறக்கும்போதே அதே பெயருக்குள் `Sign-In & Security` என்று போய், போனின் திரை எண்ணைக் கொடுத்து மாற்றலாம். பிறகு `General`, `Transfer or Reset iPhone`, `Erase All Content and Settings`.

சோதிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. பூட்டுப்பட்ட ஐபோனும் அழித்த பின் `Hello` என்று அழகாகச் சொல்லும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. பூட்டு இருக்கிறதா என்பதை ஐபோன் இணையத்தில் கேட்டுத்தான் அறியும். வைஃபையோ ஹொட்ஸ்பொட்டோ போட்டு ஓரிரு திரை தாண்டிப் பாருங்கள். பூட்டு இருந்தால் `iPhone Locked to Owner` என்று வரும், பாதி மறைத்த ஒரு மின்னஞ்சலும் தெரியும். வராவிட்டால் அந்த இடத்திலேயே போனை நிறுத்திக் கொடுத்துவிடலாம்.

ஐபோனுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. போன் கையில் இல்லாமலும் சொந்தக்காரர் பூட்டை எடுக்கலாம். `icloud.com/find` என்ற பக்கத்துக்குள் போய், சாதனத்தைத் தெரிவுசெய்து, அழித்து, `Remove This Device` கொடுத்தால் எங்கே இருக்கும் போனும் விடுபடும். வாங்கிய ரசீது இருந்தால் ஆப்பிளிடமே கேட்டும் எடுக்கலாம். ஆண்ட்ராய்டுக்கு இந்த வழி கிடையாது. வெளிநாட்டுப் போன்களில் இந்த வேறுபாடுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

ரொறன்ரோவிலிருந்து வந்த பெட்டி

கனடாவிலிருந்து கார்கோவில் வரும் பெட்டிக்குள் சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் ஒரு பழைய போன் சுருட்டி இருக்கும். மாமா அழித்துத்தான் அனுப்பியிருப்பார், ஆனால் பொத்தான் வழியில். ஐபோன் என்றால் ஒரு வாட்ஸ்அப் அழைப்போடு முடிந்துவிடும், அவர் அங்கேயே இருந்து எடுத்துவிடுவார். ஆண்ட்ராய்டு என்றால் அவரை நேரத்துக்குப் பிடிக்க வேண்டும். கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிரில் பத்தரை மணித்தியாலம் அவர் எங்களுக்குப் பின்னால் இருக்கிறார். இங்கே பின்னேரம் ஐந்து மணி என்றால் அங்கே விடியற்காலை ஆறரை அல்லது ஏழரை. வேலைக்கு வெளிக்கிட முதல் பிடிக்கலாம்.

வைஃபை போட்டு, முன்னைய கணக்கைக் கேட்கும் இடம் வரைக்கும் போனைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அழையுங்கள். அவர் முகவரியையும் கடவுச்சொல்லையும் வாசிக்க, நீங்கள் அடிக்க வேண்டும். உடனே அவருடைய இப்போதைய போனில் ஒரு கேள்வி வரும், சில வேளை ஒரு எண்ணையும் காட்டும். இலங்கையிலிருந்து யாரோ நுழைகிறார்கள் என்று அது பயமுறுத்தும். பயப்படாமல் ஆம் என்று தட்டச் சொல்லுங்கள். உள்ளே போனதும் நீங்கள் செய்வது ஒன்றே: கணக்குகள் பகுதிக்குப் போய் அவரது கணக்கை எடுப்பது, பிறகு செட்டிங்ஸ் வழியாக ரீசெட். அவரது படங்கள், மின்னஞ்சல் எல்லாம் இறங்கத் தொடங்கிவிடும், அதற்கு முதல் முடித்துவிடுங்கள். இணைப்பைத் துண்டித்ததும் அவர் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளட்டும். மருமகன் என்றாலும் அது அவருடைய கடவுச்சொல்.

இனி அனுப்பப் போகிறேன் என்று எவராவது சொன்னால், பெட்டியை ஒட்ட முதல் முகப்புத் திரையை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள்.

தொடுதிரை செத்த போன்

விழுந்து உடைந்து, படம் தெரிகிறது, ஆனால் விரலுக்கு அசையவில்லை என்றால், கணக்கை எடுக்க முடியாதென்று பொத்தான் வழிக்கு ஓட வேண்டாம். ஓடிஜி என்று கேட்டால் கடைகளில் ஒரு சின்னத் துண்டு தருவார்கள். ஒரு பக்கம் போனில், மறுபக்கம் கணினி மவுஸ். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் உடனே ஒரு அம்புக்குறி திரையில் வரும். அதால் கோட்டுருவையும் கீறலாம், பின் எண்ணையும் தட்டலாம், மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்யலாம். படமே தெரியாவிட்டால் திரையை மாற்றாமல் வழி இல்லை. அதற்கு வரும் செலவு போனின் பெறுமதியை விடக் கூட என்றால், பாகங்களுக்கு என்று சொல்லியே விற்க வேண்டியதுதான்.

அக்கா வந்துபோன பிறகு சித்தப்பாவின் கடையிலும் ஒரு மாற்றம் வந்தது. புதுப்போன் வாங்குபவருக்கு ஜிமெயில் திறக்கும்போது முகவரியைப் பெட்டியின் மூடிக்கு உட்பக்கம் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுக்கிறோம். கடவுச்சொல்லை நாங்கள் அடிப்பதில்லை. போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, சித்தப்பா வெளியே போய் வெற்றிலை போட்டுக்கொண்டு வருவார்.